குதிகாலில் ஓங்கி இறங்கி ஓடுபவர் கேடன்ஸைக் கூட்டலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர்க் கோட்டையைச் சுற்றியும் சத்துவாச்சாரி சர்வீஸ் சாலையிலும் விடியற்காலையில் எங்களோடு ஓடுகிறவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் நாற்பதை ஒட்டிய வயதினர். உடல் எடை சற்றுக் கூடுதலாக உள்ளவர்கள். பின்னால் ஓடிவரும்போதே காலடி ஓசையை வைத்து இன்னார் என்று சொல்லிவிடக்கூடிய அளவுக்குக் குதிகாலைப் பலமாக ஊன்றுகிறவர்கள்.

கேடன்ஸ் என்றால் என்ன, அதை நானே எண்ண முடியுமா?

ஒரு நிமிடத்தில் இரண்டு பாதங்களும் சேர்ந்து எத்தனை முறை தரையைத் தொடுகின்றனவோ அந்த எண்ணிக்கைதான் கேடன்ஸ். வழக்கமான நிதான வேகத்தில் பத்து நிமிடம் ஓடிய பிறகு, மேடு பள்ளம் இல்லாத இடத்தில், வலது கால் தரையில் படுவதை மட்டும் 30 விநாடிக்கு எண்ணி, வந்த எண்ணை நான்கால் பெருக்குங்கள். அந்த ஓட்டத்திலேயே மூன்று முறை எண்ணிச் சராசரி பார்ப்பது நல்லது. எண்ணுகிறோம் என்ற நினைப்பே முதல் முறை காலை வேகப்படுத்திவிடும். கைக்கடிகாரம் காட்டுவதையும் நம்பலாம். ஆனால் சில கருவிகள் ஒரு காலின் கணக்கை மட்டும் காட்டும் என்பதால், திரையில் 79 என்று கண்டால் பதற வேண்டாம், அது 158தான்.

குதிகால் முதலில் தரையில் படுவதே தவறா?

இல்லை. 2004ஆம் ஆண்டு ஜப்பானின் சப்போரோ அரை மாரத்தானில், 15ஆவது கிலோமீட்டரில் கேமரா வைத்து 283 ஓட்டக்காரர்களின் பாதத்தைப் பார்த்தார்கள். தேர்ந்த ஓட்டக்காரர்கள் ஓடிய அந்தப் போட்டியிலேயே ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் குதிகாலில்தான் இறங்கினார்கள். ஆகவே பாதத்தின் எந்தப் பகுதி முதலில் படுகிறது என்பதைவிட, அந்தப் பாதம் உடலுக்கு எவ்வளவு முன்னால் போய் விழுகிறது என்பதே பார்க்க வேண்டிய விஷயம்.

ஒருவர் காலை வெகுதூரம் முன்னால் நீட்டி வைத்தால் பாதம் தரையைத் தொடும் நேரத்தில் முழங்கால் ஏறத்தாழ நேராக விறைத்திருக்கும், பாதத்தின் நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கும், உடல் இன்னும் பின்னால் இருக்கும். அப்போது தரை அவரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அதாவது ஒவ்வோர் அடியிலும் அவர் சிறிதாக பிரேக் போடுகிறார். அதன் பிறகு உடல் பாதத்தின்மேல் வந்து சேரும்வரை முழங்கால் மடங்கி அந்த எடையை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்வது தொடையின் முன்பக்கத் தசை. அந்தத் தசை இழுக்க இழுக்க முழங்கால் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. ஓடும்போது ஓர் அடியில் தரை தரும் எதிர்விசை உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு என்பதால், 86 கிலோ எடையுள்ளவருக்கு இந்த அழுத்தம் அற்பமானதல்ல. குதிகால் சத்தமாக விழுவது இந்த நீட்டலின் அடையாளம் மட்டுமே. குதிகாலைத் திருத்தப் போனால் நோய் இருக்க நிழலுக்கு மருந்து தடவியதாகிவிடும்.

நானும் காலை நீட்டி வைக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நண்பர் ஒருவரைச் சாலையோரம் நிறுத்தி, செல்போனை இடுப்பு உயரத்தில் அசையாமல் பிடித்துக்கொண்டு, நீங்கள் பக்கவாட்டில் கடந்து போவதை ஸ்லோ மோஷனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். நேதாஜி விளையாட்டரங்கம் போன்ற திறந்தவெளி இதற்கு வசதி. கேமரா இருப்பதை மறக்கும்வரை நாலைந்து முறை கடந்து ஓடுங்கள். பிறகு பாதம் தரையைத் தொடும் முதல் கணத்தில் படத்தை நிறுத்தி, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்ள எலும்பு எப்படி நிற்கிறது என்று பாருங்கள். அது செங்குத்தாகவோ சற்றே சாய்ந்தோ இருந்தால் கவலையில்லை. கணுக்கால் முழங்காலைத் தாண்டித் தெளிவாக முன்னால் போயிருந்து, முழங்காலும் நேராக இருந்தால், நீங்கள் காலை நீட்டி வைக்கிறீர்கள்.

கேடன்ஸைக் கூட்டினால் முழங்காலுக்கு உண்மையில் எவ்வளவு குறையும்?

இதற்கு நல்ல அளவீடு இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரையன் ஹைடர்ஷைட் குழுவினர், உடல்நலத்தோடு பொழுதுபோக்காக ஓடும் 45 பேரை ட்ரெட்மில்லில் ஒரே வேகத்தில் ஓடவிட்டு, கேடன்ஸை மட்டும் கூட்டியும் குறைத்தும் பார்த்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கத்தைவிட 5 சதவீதம் கூட்டியபோதே முழங்கால் உள்வாங்கும் ஆற்றல் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. 10 சதவீதம் கூட்டியபோது அது மேலும் குறைந்ததோடு, இடுப்பு மூட்டின் சுமையும் குறைந்தது. வேகம் மாறாமல் அடிகளின் எண்ணிக்கை கூடினால் ஒவ்வோர் அடியின் நீளமும் தானாகச் சுருங்கும். பாதம் உடலுக்குக் கிட்டே விழும். முழங்கால் மடங்கிய நிலையில் தரையைச் சந்திக்கும். உடல் மேலும் கீழும் எழும்பி விழுவதும் குறையும். குதிகாலை எப்படி வைப்பது என்று யோசிக்காமலே இவ்வளவும் நடக்கிறது என்பதால்தான் இந்த வழியை நான் விரும்புகிறேன்.

அடிகள் கூடுவதால் மொத்தச் சுமை சரிக்குச் சரியாகிவிடாதா என்று சிலர் கேட்பது நியாயமான ஐயம். அடிகள் 5 சதவீதம் கூடுகின்றன; முழங்காலின் பங்கோ ஓர் அடிக்கு 20 சதவீதம் அளவில் குறைகிறது. கூட்டிக் கழித்தால் முழங்காலுக்கு லாபம்தான். ஆனால் இந்தக் கணக்கு முழங்காலுக்கானது. கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் இதே லாபம் இருப்பதாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

எல்லோரும் 180 என்கிறார்களே, நானும் அதற்குத்தானே போக வேண்டும்?

வேண்டாம். அந்த எண் பரவக் காரணமானவர் ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நெடுந்தூர ஓட்டக்காரர்களின் அடிகளை எண்ணியபோது, ஏறக்குறைய எல்லோரும் 180ஐ எட்டியோ தாண்டியோ இருந்ததை அவர் கண்டார். அவர்கள் ஒலிம்பிக் வீரர்கள், ஓடியது போட்டி வேகத்தில். வேகம் கூடினால் கேடன்ஸ் கூடும். கால் நீளமானவருக்கு அது குறையும். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுத்துக்கொள்ளும் ஒருவர் 158இலிருந்து ஒரேயடியாக 180க்குப் போனால் அது ஏறக்குறைய 14 சதவீத உயர்வு. அப்படி ஓட முயன்ற பலரைப் பார்த்திருக்கிறேன்: தோள் இறுகி, மூச்சு முட்டி, இரண்டாவது வாரத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். உங்கள் இலக்கு உங்கள் இன்றைய எண்ணிலிருந்து 5 சதவீதம். மிஞ்சினால் 7 அல்லது 8.

அப்படியானால் யாருக்கு இது தேவை, யாருக்குத் தேவையில்லை?

முழங்காலின் முன்பக்கத்தில், சில்லைச் சுற்றி வலிக்கிறது, குறிப்பாக மாடிப்படி இறங்கும்போது தெரிகிறது, வீடியோவிலும் கால் நீட்டல் தெரிகிறது, நிதான ஓட்டத்தில் கேடன்ஸ் 165க்குக் கீழே இருக்கிறது: இந்த மூன்றும் சேர்ந்தவருக்கு இது முயன்று பார்க்கத் தகுந்த மாற்றம். வலி எதுவும் இல்லாமல் பல ஆண்டுகளாக ஓடுகிறவர், குதிகாலில் இறங்கினாலும், கைவைக்காமல் இருப்பதே மேல். குதிகால் தசைநாணிலோ கெண்டைக்காலிலோ ஏற்கெனவே தொந்தரவு உள்ளவர் முதலில் அதைக் குணப்படுத்திக்கொள்ள வேண்டும். எலும்பின் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுள்ளென்று வலிக்கிறவரும், முழங்கால் வீங்கியோ மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டோ இருப்பவரும் ஓடவே கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சரி, படிப்படியாக எப்படி மாற்றுவது?

எங்களோடு ஓடும் ஒரு மளிகை மொத்த வியாபாரியின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை வாரம் வாரமாக அவரோடு இருந்து குறித்துவைத்தேன். வயது 44, எடை 86 கிலோ, உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். வாரத்தில் நான்கு நாள், மொத்தம் 25 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்ற வேகம். கேடன்ஸ் 158. கடை மாடியிலிருந்து சரக்கோடு இறங்கும்போது வலது முழங்கால் சில்லுக்குக் கீழே வலித்தது.

அந்த வேகத்தில் அவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 143 மீட்டர் போகிறார். அதை 158 அடிகளுக்குப் பங்கிட்டால் ஓர் அடி 90 சென்டிமீட்டர். 5 சதவீதம் கூட்டினால் 166; அப்போது ஓர் அடி 86 சென்டிமீட்டர். வித்தியாசம் வெறும் நான்கு சென்டிமீட்டர், இரண்டு விரல் அகலம். இதை அவரிடம் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டியபோது, "இவ்வளவுதானா சார், நான் ஏதோ ஓட்டத்தையே மாத்தணும்னு பயந்துட்டேன்" என்றார். அந்த இரண்டு விரல் அகலத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் தூரத்தைக் குறைத்தோம். முதல் நான்கு வாரமும் வாரத்துக்கு மொத்தம் 20 கிலோமீட்டர், எந்த நாளும் 8ஐத் தாண்டுவதில்லை. புதிதாக ஒரு மாற்றம் வரும்போது பழைய சுமையில் சிறிது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள், படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்கும் பயிற்சியை 12 முறை வீதம் மூன்று சுற்று செய்தார். புதிய அடி கெண்டைக்காலிடம் கூடுதலாகக் கேட்கும் என்பதால் ஓட்டத்தை மாற்றுவதற்கு இரண்டு வாரம் முன்பே இதைத் தொடங்கிவிட்டார்.

முதல் இலக்கு 166 அல்ல, 162. செல்போனில், சீரான இடைவெளியில் தட்டு ஒலிக்கும் மெட்ரோனோம் செயலி ஒன்றை நிறுவி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டார். நிமிடத்துக்கு 162 தட்டு காதில் விழுவது எரிச்சலாக இருந்ததால், 81 என்று வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் வலது கால் மட்டும் விழும்படி ஓடினார். பெரும்பாலோருக்கு இதுதான் எளிது. முதல் வாரம் நான்கு நாளில் இரண்டு நாள் மட்டும், பத்து நிமிடம் வழக்கம்போல் ஓடிய பிறகு, ஒரு நிமிடம் தட்டோடு, நான்கு நிமிடம் தட்டில்லாமல் என்று ஐந்து முறை. இரண்டாம் வாரம் இரண்டு நிமிடம் தட்டோடு, மூன்று நிமிடம் இல்லாமல். மூன்றாம் வாரம் ஐந்து நிமிடம் தட்டோடு, இரண்டு நிமிடம் இல்லாமல். நான்காம் வாரம் அந்த இரண்டு நாளும் முழு ஓட்டமும் 162இல். மற்ற இரண்டு நாளும் எப்படி வருகிறதோ அப்படியே ஓடச் சொன்னேன்.

ஐந்தாம் வாரத்தில் 166க்கு, அதாவது வலது காலுக்கு 83 தட்டுக்கு மாறி, அதே ஏணியில் மறுபடி கீழ்ப்படியிலிருந்து ஏறினார். ஆறாம் வாரம் ஒரு வியாழக்கிழமை கெண்டைக்கால் இறுகிக்கொண்டது. ஐந்து நாள் 162க்கே திரும்பி, பிறகு மீண்டும் தொடர்ந்தார். ஒன்பதாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டரின் முதல் நிமிடத்துக்கு மட்டும் தட்டு. பதினொன்றாம் வாரம் தட்டே இல்லை. மாடிப்படி வலி ஐந்தாம் வாரத்திலேயே பெரிதும் தணிந்துவிட்டது. தூரத்தையும் குறைத்திருந்ததால் அந்தப் பெருமை முழுவதையும் கேடன்ஸுக்கே கொடுக்க மாட்டேன். ஆனால் பின்னர் 25 கிலோமீட்டருக்குத் திரும்பியபோதும் வலி திரும்பி வரவில்லை.

மெட்ரோனோம் போட்டதும் வேகம் கூடி மூச்சு வாங்குகிறதே?

மிகவும் பொதுவான தவறு இதுதான். அடிகளைக் கூட்டுகிறோம், ஆனால் அடியின் நீளத்தைக் குறைக்க மறந்துவிடுகிறோம். 90 சென்டிமீட்டரிலேயே 166 அடி வைத்தால் கிலோமீட்டருக்கு இருபது விநாடி வேகமாக ஓடுவீர்கள். அப்படி ஓடினால் முழங்காலுக்குக் கிடைக்க வேண்டிய நன்மையும் கரைந்துவிடும். ஜிம்மில் ட்ரெட்மில் கிடைத்தால் முதல் இரண்டு பயிற்சிகளை அதில் செய்யுங்கள். வேகத்தைக் கருவியே பிடித்து வைத்திருப்பதால் அடி தானாகச் சுருங்கும். அந்த உணர்வை உடல் கற்றுக்கொள்ளும். சாலையில் என்றால் கடிகாரத்தில் வேகத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுங்கள், கையை மார்போடு கிட்டே வைத்துச் சிறிதாக வீசுங்கள்.

முதல் இரண்டு மூன்று வாரம் வேகம் மாறாமலே சற்றுக் கூடுதலாக மூச்சு வாங்கினால் அது பழகாத வேலைக்கு உடல் கொடுக்கும் விலை. போகப் போகத் தணியும். நம் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் விடியற்காலை ஐந்து மணிக்கே புழுக்கம் தாங்காது, இதயத் துடிப்பு எப்போதும் மேலேயே நிற்கும். மூச்சு வாங்குவது அடியாலா அனலாலா என்று பிரித்தறிய முடியாது. மார்கழி, தை மாதங்களில் தொடங்கியவர்களுக்கு இது எளிதாக அமைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கெண்டைக்கால் வலிக்கிறது. நிறுத்திவிடட்டுமா?

எப்படி வலிக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு கெண்டைக்காலும் பரவலாக இறுகி, ஓடிய மறுநாள் தெரிந்து, இரண்டு நாளில் போய்விட்டால் அது பழகும் தசையின் வலி. ஒரு படி கீழே இறங்கி அந்த வாரத்தை மீண்டும் செய்யுங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடிகளில் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் கயிறு போல் விறைத்து வலித்தால், அதை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து வலித்தால், உடனே நிறுத்த வேண்டும். பாதத்தின் மேற்புறத்திலோ கணைக்கால் எலும்பிலோ ஒரே புள்ளியில் வலித்தாலும் அப்படியே.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஹாங்காங்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 320 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், பாதத்தை மென்மையாக இறக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு ஓராண்டில் காயங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் அவர்களுக்கு வந்த காயங்களில் கெண்டைக்கால், குதிகால் தசைநாண் தொந்தரவு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அவர்கள் கற்றது கேடன்ஸ் அல்ல, மென்மையாக இறங்கும் முறை. ஆயினும் முழங்காலிலிருந்து இறக்கும் சுமை கணுக்கால் பக்கம் போய்ச் சேரக்கூடும் என்பது இரண்டுக்கும் பொருந்தும். கேடன்ஸைக் கூட்டும்போது வேண்டுமென்றே முன்பாதத்தில் இறங்க முயல்கிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பாதத்தை அதன் போக்கில் விடுங்கள். குதிகாலிலேயே இறங்கினாலும் சத்தமில்லாமல் கிட்டே இறங்கினால் போதும்.

கூடவே மெல்லிய ஷூவுக்கும் மாறட்டுமா? பாலாற்று மணலில் ஓடினால் மெத்தென்று இருக்குமே?

இரண்டும் இப்போது வேண்டாம். குதிகால் பகுதி தாழ்ந்த ஷூவும் மணலும் சேர்ந்து கெண்டைக்காலையே இழுக்கும். அதற்கு ஏற்கெனவே வேலை கூடியிருக்கிறது. மணலில் கால் புதைவதால் அடியின் தாளமும் கெடும். பழகிய ஷூவிலேயே, தார்ச் சாலையிலோ இறுகிய மண் பாதையிலோ பழகுங்கள். சர்வீஸ் சாலையில் ஓடினால் ஓரத்துச் சரிவில் எப்போதும் ஒரே பக்கமாக ஓடாதீர்கள். ஒரு கால் மட்டும் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருக்கும்.

ஏலகிரி இறக்கத்தில் ஓடும்போது?

இறக்கத்தில் எல்லோருக்குமே கால் முன்னால் நீளும், முழங்கால் அடி வாங்கும். புதிய அடி பழகி முடியும்வரை கொண்டை ஊசி வளைவுகளை ஏறும் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இறங்கும்போது நடந்தோ பேருந்திலோ வாருங்கள்.

பழகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்?

வாரத்தின் நீண்ட ஓட்டத்தில், மெட்ரோனோம் இல்லாமல், கடைசி இரண்டு கிலோமீட்டரில் எண்ணிப் பாருங்கள். களைப்பு வந்ததும் பழைய அடி திரும்பும். அந்த மளிகை வியாபாரிக்குப் பத்தாம் வாரத்தில் தொடக்கத்தில் 166 இருந்தது, எட்டாவது கிலோமீட்டரில் 160க்கு இறங்கியது. அப்படி இறங்கினால் தூரத்தைக் கூட்டாமல் இன்னும் இரண்டு வாரம் அங்கேயே நிற்க வேண்டும். அவருக்குப் பதினான்காம் வாரம் கடைசிக் கிலோமீட்டரிலும் 165 வந்தது. அன்றைக்குத்தான் வாரத்துக்கு 25 கிலோமீட்டருக்குத் திரும்பச் சொன்னேன். இப்போதும் மாதம் ஒருமுறை, கோட்டை அகழியை ஒட்டி ஓடும்போது, வலது காலை 30 விநாடிக்கு எண்ணுகிறார்: 41 அல்லது 42 வந்தால் பேசாமல் ஓடுகிறார், 40க்குக் கீழே போனால் அந்த வாரம் மெட்ரோனோமை மறுபடி இடுப்புப் பையில் போட்டுக்கொள்கிறார்.